நின்று நீளம் தாண்டுதலிலிருந்து மும்முறை தாண்டுதல் வரை: 8, 9, 10-ஆம் வகுப்புக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கான அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிரிபிள் ஜம்ப் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றால் நேராக அதையே ஆரம்பிக்கலாமே. நின்று தாண்டுவதை எதற்கு முதலில் வைக்கிறீர்கள்?

மும்முறை தாண்டுதலில் பிள்ளைகள் மூன்று தடவை தரையில் இறங்குகிறார்கள். அந்த அடியை வாங்கத் தெரியாத காலை ஓடவிட்டு நொண்டச் சொன்னால் முதல் நாளே முட்டி வலி வந்துவிடும். நின்று தாண்டும்போது வேகம் கிடையாது. அதனால் கையை வீசுவது, இடுப்பு, முட்டி, கணுக்கால் மூன்றையும் முழுசாக நீட்டுவது, முட்டியை மடக்கி மெதுவாக இறங்குவது ஆகிய மூன்றையும் பயமில்லாமல் பழகலாம். பிறகு மும்முறை தாண்டுதலில் தேவைப்படுவதும் இவைதான், ஒற்றைக் காலில் செய்ய வேண்டும் என்பது மட்டும்தான் கூடுதல்.

நின்று தாண்டுவது ஒரு காலத்தில் ஒலிம்பிக் போட்டியாகவே இருந்தது. 1900 முதல் 1912 வரை நடந்தது. சிறுவயதில் போலியோவால் பாதிக்கப்பட்ட அமெரிக்கர் ரே யூரி 1904-ல் நின்ற இடத்திலிருந்து 3.47 மீட்டர் தாண்டினார். நின்றபடியே மும்முறை தாண்டும் போட்டியும் அப்போது இருந்தது, அதிலும் அவர்தான் ஜெயித்தார். ஓட்டமே இல்லாமல் எவ்வளவு தூரம் போக முடியும் என்று பிள்ளைகளுக்குப் புரியவைக்க இதைச் சொல்லலாம்.

நின்று தாண்டும்போது எங்கள் பிள்ளைகள் தவளை மாதிரி குந்திவிட்டு எம்புகிறார்கள். எவ்வளவு மடங்க வேண்டும்?

நாற்காலியில் பாதி உட்கார்ந்த அளவு போதும். தொடை தரைக்குச் சமமாக வரும்வரை குந்தினால் எழுந்திருப்பதற்கே பலம் செலவாகிவிடும். அதைவிட முக்கியம், அடியில் நிற்கக் கூடாது. கை மேலே போகும்போது உடம்பு நீளும். கை பின்னால் இறங்கும்போதே முட்டி மடங்கும். மடங்கிய வேகத்திலேயே கை முன்னால் வர, உடம்பும் கிளம்பிவிட வேண்டும். குந்திய நிலையில் ஒரு நொடி நின்று ‘ரெடி’ பார்த்தால் தசையில் சேர்ந்த விறைப்பு போய்விடும், தூரமும் குறையும்.

கையின் வேலை என்ன என்று வாயால் விளக்க வேண்டாம். முதலில் இரண்டு கையையும் இடுப்பில் வைத்து ஒரு தடவை தாண்டச் சொல்லுங்கள், குதிகால் பட்ட இடத்தில் கோடு போடுங்கள். அடுத்து கையை வீசித் தாண்டச் சொல்லுங்கள். பெரும்பாலானோருக்கு ஒரு சாண் அளவாவது வித்தியாசம் வரும். அதைப் பார்த்த பிறகு கையை வீசு என்று யாரிடமும் கத்த வேண்டியிருக்காது.

ஒரே நேரத்தில் இரண்டு காலும் எம்பாமல் ஒரு காலை முன்னால் வைத்துத் தாண்டிவிடுகிறார்கள். எப்படித் திருத்துவது?

இந்தத் தவறுக்கு முக்கால்வாசி காரணம் தூரத்தின் மேல் இருக்கும் ஆசைதான். ‘எவ்வளவு தூரம்’ என்ற கேள்வியை அன்றைக்கு எடுத்துவிடுங்கள். கோட்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஒரு கயிற்றைப் போட்டு, அதைத் தாண்டி இரண்டு காலும் சேர்ந்து, சத்தம் வராமல் இறங்கினால் போதும் என்று சொல்லுங்கள். எட்டிவிடும் தூரம்தானே என்று தெரிந்ததும் உடம்பு இயல்பாக இரண்டு காலிலும் எம்பும். சரியாக வந்த பிறகு கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போடலாம். எந்தத் தூரத்தில் மறுபடி ஒரு கால் முந்துகிறதோ, அதுதான் அந்தப் பிள்ளையின் இன்றைய எல்லை.

இறங்கும்போது பின்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். கையை ஊன்றினால் அளவு குறைகிறதே?

குறையத்தான் செய்யும். கோட்டுக்கு மிக அருகில் உடம்பின் எந்தப் பாகம் பட்டதோ அங்கிருந்துதான் அளக்க வேண்டும். அதனால் தாண்டலின் கடைசிப் பகுதியை முதலில் பழக்கிவிடுவது நல்லது. முழங்காலுக்குக் கீழே உயரமுள்ள ஒரு படியிலிருந்து மணலில் குதிக்கச் சொல்லுங்கள். குதிகால் மணலைத் தொட்டதும் முட்டி மடங்கி, இடுப்பு குதிகாலைக் கடந்து முன்னே போக வேண்டும், இரண்டு கையும் முன்னால் நீளட்டும். முட்டியை விறைப்பாக நீட்டிக்கொண்டு இறங்குகிற பிள்ளைதான் பின்னால் உட்காரும். இதை நின்று தாண்டும்போதே சரிசெய்துவிட்டால், பிறகு ஜம்ப் கட்டத்துக்கு என்று தனியாக எதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

சரி, ஹாப், ஸ்டெப், ஜம்ப். எந்தக் கால் எப்போது என்று பிள்ளைகள் குழம்பிவிடுகிறார்கள்.

விதி எளிதானது. எந்தக் காலில் எம்பினார்களோ அதே காலில் ஹாப் இறங்க வேண்டும், ஸ்டெப் மறு காலில் இறங்க வேண்டும், ஜம்ப் மணலில். இடது காலில் எம்பினால் இடது, வலது, மணல். வலது காலில் எம்பினால் வலது, இடது, மணல்.

குழப்பம் தீர நான் மூன்றே வார்த்தை வைத்திருக்கிறேன்: ‘அதே, மாத்து, ரெண்டு’. எம்பிய அதே கால், அப்புறம் கால் மாற்று, கடைசியில் இரண்டு கால். முதலில் நடந்தபடியே இதைச் சொல்லிக்கொண்டு செய்யட்டும், குதிக்கவே வேண்டாம். எம்பும் காலில் சுண்ணாம்புத் தூளால் ஒரு கோடு இழுத்துவிட்டால், கோடு போட்ட கால் இரண்டு தடவை, போடாத கால் ஒரு தடவை என்று பக்கத்தில் நிற்கும் பிள்ளையே சரிபார்த்துவிடும். பாண்டி ஆடிப் பழகிய பிள்ளைகளுக்கு ஹாப் உடனே வந்துவிடும். அவர்களையே முன்னால் நிறுத்திச் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று: ஹாப்பிலோ ஸ்டெப்பிலோ சும்மா தொங்கும் கால் தரையில் உரசினால் அது தவறு இல்லை. உள்ளூர்ப் போட்டிகளில் இதற்குச் சிவப்புக் கொடி காட்டுபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். விதியை எடுத்துச் சொல்லி மரியாதையாகக் கேட்கலாம்.

எம்பும் கால் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நீளம் தாண்டும்போது எந்தக் காலில் எம்புகிறார்களோ அதில் ஆரம்பியுங்கள். அந்தக் கால் ஹாப், ஸ்டெப் இரண்டுக்கும் வேலை செய்ய வேண்டியிருப்பதால் அது பலமான காலாக இருப்பது நல்லது. சந்தேகம் இருந்தால் புல் தரையில் வலது காலில் ஐந்து நொண்டி, இடது காலில் ஐந்து நொண்டி போடவிட்டுத் தூரத்தைப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் எந்தப் பக்கம் இறங்கும்போது உடம்பு ஆடாமல் இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யலாம். முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் பழகட்டும், அவசரப்பட்டு ஒரு காலை முடிவு செய்துவிட வேண்டாம்.

எல்லோரும் ‘ரிதம், ரிதம்’ என்கிறார்கள். அதை எப்படிப் பார்ப்பது?

பார்க்க வேண்டாம், கேளுங்கள். குழிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு காலடிச் சத்தத்தை மட்டும் கேளுங்கள். பலகையில் ஒன்று, ஹாப் இறங்கும்போது ஒன்று, ஸ்டெப் இறங்கும்போது ஒன்று, கடைசியில் மணலில் ஒன்று. நல்ல தாண்டலில் ‘தொம்… தொம்… தொம்… சர்’ என்று இடைவெளி ஏறக்குறைய சமமாக வரும். புதியவர்களிடம் ‘தொம்…… தொம்-தொம்… சர்’ என்று வரும். அதாவது ஹாப்பில் உயரமாகப் போய், பொத்தென்று விழுந்து, ஸ்டெப்பை ஒரு சின்ன எட்டாக வைத்துத் தப்பித்துக்கொண்டு, மணலுக்குப் பாய்ந்துவிடுகிறார்கள். தொடக்கநிலையில் வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்த ஒன்றுதான்.

காரணம் ஹாப்பில்தான் இருக்கிறது. எவ்வளவு உயரம் போகிறார்களோ அவ்வளவு பலமாகக் கீழே வருவார்கள். அந்த அடியைத் தாங்க முட்டி ஆழமாக மடங்கிவிடும், மடங்கிய காலால் மறுபடி எம்ப முடியாது. குளத்தில் தட்டைக் கல்லைத் தாழ்வாக வீசினால்தான் மூன்று நான்கு தடவை தத்திப்போகும், மேலே தூக்கிப் போட்டால் முதல் தடவையிலேயே முங்கிவிடும். ஹாப்பும் அப்படித் தாழ்வாக, முன்னோக்கிப் போக வேண்டும்.

உலக அளவில் பார்த்தாலும் ஸ்டெப் என்பது சும்மா வைக்கும் எட்டு அல்ல. 1995-ல் பிரிட்டனின் ஜொனாதன் எட்வர்ட்ஸ் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் 18.29 மீட்டர் தாண்டி உலக சாதனை படைத்தார். அதில் ஹாப் 6.05, ஸ்டெப் 5.22, ஜம்ப் 7.02 மீட்டர். மூன்றில் சின்னது ஸ்டெப்தான், ஆனாலும் ஹாப்பை விட ஒரு மீட்டர்கூடக் குறையவில்லை.

அந்த ஸ்டெப்பை நீளமாக்க என்ன பயிற்சி கொடுக்கலாம்?

பழைய சைக்கிள் டயர்கள் நான்கைந்து இருந்தால் போதும். புல் தரையில் டயர்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே ஒரு மீட்டர் இடைவெளி விட்டுச் சமமாகப் போடுங்கள். முதல் டயரில் எம்பும் கால், இரண்டாவதில் அதே கால், மூன்றாவதில் மறு கால், அதிலிருந்து தாண்டி இரண்டு காலில் இறங்கு. இடைவெளி சமம் என்பதால் சத்தமும் சமமாக வரும். வரிசையில் காத்திருப்பவர்கள் கைதட்டித் தாளம் கொடுக்கட்டும், தாண்டும் பிள்ளை அந்தத் தாளத்துக்கு ஏற்ப இறங்க வேண்டும். நன்றாக வந்தால் 20 சென்டிமீட்டர் கூட்டுங்கள். தாளம் உடைந்தால் உடனே பழைய இடைவெளிக்கே திரும்புங்கள்.

இறங்கும் பாதத்தைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: முழுப் பாதமும் தரையில் படட்டும், பட்டதும் தரையைப் பின்னால் தள்ளட்டும். நுனிக்காலில் இறங்கினால் கணுக்கால் தாங்காது, குதிகாலை முன்னால் குத்தி இறங்கினால் பிரேக் போட்டது போல நின்றுவிடும். செம்மண் ஓடுபாதையில் இதைத் தடத்திலேயே பார்க்கலாம். குதிகால் இருந்த இடம் மட்டும் ஆழமாகக் குழிந்து, அதன் முன்னால் மண் குவிந்திருந்தால் பிள்ளை காலை எட்டிக் குத்தியிருக்கிறது. முழுப் பாதமும் ஒரே ஆழத்தில் பதிந்து, பின்பக்கம் லேசாக மண் சிதறியிருந்தால் சரியாக இறங்கியிருக்கிறது. பிள்ளையையே கூப்பிட்டு அந்தத் தடத்தைக் காட்டுங்கள்.

ஸ்டெப்பில் முன்னே போகும் தொடை தரைக்குச் சமமாக வந்து ஒரு கணம் அப்படியே நிற்க வேண்டும். ‘முட்டியைத் தூக்கு’ என்பதைவிட ‘காத்திரு’ என்று சொன்னால் வேலை நடக்கிறது. பிள்ளைகள் முட்டியைத் தூக்கத்தான் செய்கிறார்கள், சீக்கிரம் இறக்கிவிடுவதுதான் குறை.

கையை ஒவ்வொன்றாக வீசுவதா, இரண்டையும் சேர்த்தா?

ஓடும்போது போகிற மாதிரியே போகட்டும். இரண்டு கையையும் சேர்த்து வீசுவது ஸ்டெப்புக்கு நல்ல உந்துதல் தரும், ஆனால் அதற்காகக் கடைசி எட்டில் ஓட்டத்தை மெதுவாக்கிவிடுவார்கள். நின்று நீளம் தாண்டியதில் கை பழகியிருப்பதால் சில பிள்ளைகளுக்கு ஜம்ப்பில் தானாகவே இரண்டு கையும் சேர்ந்து வரும், அதை விட்டுவிடுங்கள்.

ஓட்டம் எப்போது சேர்க்கலாம்? பையன்கள் பிரவீன் சித்ரவேல் வீடியோவைப் பார்த்துவிட்டு முழு வேகத்தில் ஓடிவரத் துடிக்கிறார்கள்.

பிரவீன் 2023-ல் ஹவானாவில் 17.37 மீட்டர் தாண்டித் தேசிய சாதனை படைத்தது அந்த வேகத்தில்தான். ஆனால் அவ்வளவு வேகத்தை ஹாப்பில் தாங்கும் கால் பல வருடம் உழைத்து வந்தது. புதியவர்களுக்கு முதலில் நின்ற இடத்திலிருந்து, அடுத்து மூன்று எட்டு, பிறகு ஐந்து எட்டு. சமமான தாளத்தில் தொடர்ந்து மூன்று தாண்டல் வந்தால் அடுத்த கட்டம். முதல் பருவம் முழுக்க ஐந்து எட்டிலேயே இருந்தாலும் தப்பில்லை.

எப்படி வேலை செய்வது என்பதற்கு 9-ஆம் வகுப்பு மாணவி ஒருவரின் கணக்கைப் பாருங்கள். ஐந்து எட்டு ஓடித் தாண்டினார். மண்ணில் பதிந்த தடங்களை டேப் வைத்து அளந்ததில் ஹாப் 3.10, ஸ்டெப் 1.60, ஜம்ப் 2.90, மொத்தம் 7.60 மீட்டர். ஸ்டெப் ஹாப்பில் கிட்டத்தட்ட பாதிதான். அவரிடம் ஸ்டெப்பைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. கோட்டிலிருந்து 2.70 மீட்டரில் சுண்ணாம்புத் தூளால் ஒரு கோடு போட்டு, ஹாப் இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று மட்டும் சொல்லப்பட்டது. அங்கிருந்து 2.20 மீட்டரில் இன்னொரு கோடு, அதில் மறு காலை வைக்க வேண்டும். முதல் சில தாண்டல்களில் ஹாப்பைக் குறைக்கிறேன் என்று வேகத்தைக் குறைத்தார், மொத்தமும் குறைந்தது. ஓட்டம் அதே வேகம், ஹாப் மட்டும் தாழ்வு என்று பிடிபட்ட பிறகு ஹாப் 2.70, ஸ்டெப் 2.20, ஜம்ப் 3.00 என்று வந்தது. மொத்தம் 7.90. ஹாப்பில் 40 சென்டிமீட்டரைக் கொடுத்து, ஸ்டெப்பில் 60-ம் ஜம்ப்பில் 10-ம் வாங்கியிருக்கிறார். ஜம்ப் கூடியதற்குத் தனிப் பயிற்சி எதுவும் இல்லை, ஸ்டெப்பில் இறங்கும்போது வேகம் மிச்சமிருந்தது, அவ்வளவுதான்.

பலகையிலிருந்து எம்பினால் எங்கள் பிள்ளைகள் மணலுக்கே போகமாட்டார்களே?

அப்படியானால் அந்தப் பலகையைப் பயன்படுத்தவே கூடாது. மணலை எட்டாமல் கட்டாந்தரையில் ஜம்ப் இறங்கினால் குதிகாலும் முதுகும் அடிவாங்கும். சர்வதேசப் போட்டிகளில் பலகையிலிருந்து மணல் குழிக்கு ஆண்களுக்கு 13 மீட்டர், பெண்களுக்கு 11 மீட்டர் இருக்கும். மற்றப் போட்டிகளில் கலந்துகொள்பவர்களின் தரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள விதியே இடம் தருகிறது.

வகுப்பில் பலகைக்குப் பதில் சுண்ணாம்புக் கோடு போதும். குழியின் விளிம்பிலிருந்து 4, 5, 6, 7 மீட்டரில் கோடு போட்டு, யாருக்கு எது என்று நீங்கள் சொல்லுங்கள். ஹாப்பையும் ஸ்டெப்பையும் கூட்டி அதோடு ஏறக்குறைய ஒரு மீட்டர் சேர்த்தால் அவர்களுடைய கோடு கிடைக்கும். மேலே சொன்ன மாணவிக்கு 4.90 வந்ததால் 6 மீட்டர் கோடு. ஜம்ப் 3 மீட்டர் என்பதால் மணலுக்குள் இரண்டு மீட்டருக்குக் கிட்டே இறங்குவார், விளிம்புக் கட்டையில் கால் படும் பயமில்லை. மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன் அங்கே கோடு எத்தனை மீட்டரில் என்று விசாரித்துவிடுங்கள்.

40 பேர், ஒரே ஒரு மணல் குழி. வரிசையில் நின்றே பாடவேளை முடிந்துவிடுகிறது.

குழி கடைசிக் கால் மணி நேரத்துக்குத்தான். அதுவரை எல்லாமே புல் தரையில் நடக்கும் வேலை. ஐந்து வரிசை, வரிசைக்கு எட்டுப் பேர், ஒவ்வொன்றுக்கும் டயரோ கோடோ போட்டுவிட்டால் 40 பேரும் அசைந்துகொண்டிருப்பார்கள். சிமெண்டுத் தரையில் மட்டும் நொண்டப் பயிற்சி வேண்டாம். குழிக்குப் போகும் முன் மணலை மண்வெட்டியால் கிளறி, கல், கண்ணாடி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். வெயில் நாளில் லேசாகத் தண்ணீர் தெளித்தால் தடமும் தெளிவாக விழும்.

ஒரு பாடவேளையில் எத்தனை தடவை தாண்ட விடலாம்? முட்டி வலி என்கிறார்கள்.

தாண்டல்களை எண்ணாதீர்கள், தரையில் கால் இறங்குவதை எண்ணுங்கள். டயர்ப் பயிற்சியில் ஒரு தடவைக்கு மூன்று இறக்கம் என்றால் பத்துத் தடவைக்கு முப்பது. புதியவர்களுக்கு ஒரு நாளைக்கு 40 முதல் 60 வரை என்று நான் நிறுத்திக்கொள்கிறேன். வாரத்துக்கு இரண்டு நாள், நடுவில் ஓய்வு நாள்.

இந்த வயதில் மளமளவென்று வளர்கிறார்கள். முட்டிச் சில்லுக்குக் கீழே, தசைநார் எலும்போடு சேரும் இடத்தில் தொட்டால் வலிக்கிறது, அங்கே லேசாகப் புடைத்திருக்கிறது என்றால் ‘கொஞ்சம் பொறுத்துக்கோ’ என்று சொல்லக் கூடாது. அந்தப் பிள்ளைக்குத் தாண்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டச் சொல்லி வீட்டுக்குத் தகவல் கொடுங்கள். குதிகாலின் பின்பக்கம் வலித்து நொண்டி நடந்தாலும் அப்படித்தான். வலி போகும்வரை அவர்கள் கைதட்டித் தாளம் கொடுக்கலாம், தடத்தை அளந்து எழுதலாம். வலி இல்லாமல் நடக்கவும் ஓடவும் முடிந்த பிறகு, விட்ட இடத்திலிருந்து இல்லாமல் மறுபடி நின்று நீளம் தாண்டுவதிலிருந்து ஆரம்பிக்கட்டும்.